பேச்சில்லாமல் வந்த ஒரு டிராயிங்: எதை முதலில் படிப்பது?

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு மில்லிங் ஷெட் வைத்திருக்கும் தம்பி அனுப்பியிருந்தான். முன்பு என்னோடு சில வருஷம் வேலை பார்த்தவன். படத்தைத் தவிர ஒரு எழுத்துகூட இல்லை. அளவுகளும் குறிகளும் நிறைந்த ஒரு இன்ஜினியரிங் டிராயிங் மட்டும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அனுப்பியவர் மனதில் கேள்வி தெளிவாக இருக்கும், எழுத நேரம் இருந்திருக்காது. பார்ப்பவருக்கு மூன்று வழிகள் தெரியும். இதில் இருக்கும் குறிகளுக்கு அர்த்தம் கேட்கிறானா? அளவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறானா? இல்லை, இரண்டு மூன்று வியூக்களைச் சேர்த்து இந்த ஜாப் எப்படி இருக்கும் என்று மனதில் கொண்டுவர முடியாமல் தவிக்கிறானா?

படத்தை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஒரே ஒரு மூலையை வெட்டி, பெரிதாக்கி அனுப்பியிருந்தால் அந்த மூலையில் உள்ள குறிதான் கேள்வி. செய்து முடித்த ஜாப்பின் போட்டோவும் பக்கத்தில் இருந்தால் அளவுதான் பிரச்சினை. காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் பெட்டி மாதிரி எதையோ வரைந்து அழித்திருந்தால் உருவம் பிடிபடவில்லை என்று அர்த்தம். முழுத் தாளும் எந்தக் கோடும் கிறுக்கலும் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் விலை சொல்ல வேண்டும், அல்லது காலையில் வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்தப் படத்தில் எந்த அடையாளமும் இல்லை. கணினித் திரையில் இருந்ததை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். வலது கீழ் மூலையில் இருக்க வேண்டிய டைட்டில் பிளாக் வெட்டுப்பட்டிருந்தது. அதனால் எனக்கு நானே வைத்திருக்கும் வரிசைப்படி படிக்க ஆரம்பித்தேன். முதலில் வியூ, அடுத்து அளவு, கடைசியில் குறி. கேள்வி எதுவாக இருந்தாலும் படிக்கும் வரிசையை நான் மாற்றுவதில்லை. பதிலை மட்டும் எங்கே சந்தேகம் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவேன்.

வியூவை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், ஆரம்ப காலத்தில் ஒரு தடவை அதைக் கடைசிக்கு விட்டேன். நாற்பது பிராக்கெட். ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்து அளந்து, ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் சரி என்று எழுதி அனுப்பினோம். ஒன்றுகூட மெஷினில் உட்காரவில்லை. அளவு ஒன்றும் தப்பில்லை. ஆனால் வலது கைக்குப் பதில் இடது கை செய்திருந்தோம். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி ஓட்டைகள் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தன. கண்ணாடிப் பிம்பத்திலும் 15 மில்லி 15 மில்லிதான், 50 மில்லி 50 மில்லிதான். வெர்னியருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளின் நடுவில் படுக்க வையுங்கள். உங்களைப் பார்த்து மேலே இருக்கும் முகத்தில் ‘முன்’ என்று எழுதுங்கள். உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும் விளிம்பில் ‘இடது’, வலது கைப்பக்க விளிம்பில் ‘வலது’, தாளின் தலைப்பக்கம் பார்க்கும் விளிம்பில் ‘மேல்’, உங்கள் பக்கம் பார்க்கும் விளிம்பில் ‘அடி’. இப்போது பெட்டியை வலப்பக்கமாக ஒரு உருட்டு உருட்டுங்கள். ‘இடது’ என்று எழுதிய விளிம்பு மேலே வந்து உங்களைப் பார்க்கும். ஆக, ஃப்ரன்ட் வியூவுக்கு வலப்பக்கத்தில் வரைவது இடமிருந்து பார்க்கிற தோற்றம். பழைய இடத்தில் வைத்து உங்களை நோக்கி உருட்டினால் ‘மேல்’ வந்து நிற்கும். அதாவது டாப் வியூ கீழே வரும். இதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் ஆங்கிள், பாடப்புத்தகத் தமிழில் முதல் கோண வீழல். நம் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

இப்போது உருட்டாமல், காலியான ஒரு அட்டைப்பெட்டியின் ஒட்டைப் பிரித்து நாலாபக்கமும் விரித்துப் போடுவதாக நினையுங்கள். வலப்பக்க அட்டை வலப்பக்கமே விழும், மேல் அட்டை மேல்பக்கமே விழும், அடி அட்டை கீழே விழும். இது தேர்டு ஆங்கிள், மூன்றாம் கோணம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இப்படித்தான் வரைகிறார்கள். அவர்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் நம்மூர் நிறுவனங்களின் டிராயிங்குகளும் பல சமயம் இப்படியே வரும். ஒரே ஷெட்டில் காலையில் ஒரு முறையும் மதியம் இன்னொரு முறையும் கைக்கு வருவது சாதாரணம்.

எந்த முறை என்பதைச் சொல்ல டைட்டில் பிளாக்கில் ஒரு சின்னச் சின்னம் இருக்கும். நுனி வெட்டிய கூம்பின் பக்கத் தோற்றம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். வட்டங்கள் கூம்பின் அகலமான பக்கத்தை ஒட்டி இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறுகலான பக்கத்தை ஒட்டி இருந்தால் தேர்டு ஆங்கிள். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வட்டமும் முழுக்கோடாகத் தெரிய வேண்டுமென்றால் குறுகலான பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த படத்தை அந்தப் பக்கத்திலேயே வைத்தால் தேர்டு, எதிர்ப்பக்கத்தில் வைத்தால் ஃபர்ஸ்ட்.

தம்பி அனுப்பிய படத்தில் அந்தச் சின்னம் வெட்டுப்பட்ட மூலையோடு போய்விட்டது. அப்போது என்ன செய்வது? கோடுகளைக் கேட்க வேண்டும்.

அவன் ஜாப் ஒரு எல் வடிவ பிராக்கெட். ஃப்ரன்ட் வியூவில் இடது ஓரத்தில் 12 மில்லி கனத்தில் ஒரு சுவர் 75 மில்லி உயரத்துக்கு நிற்கிறது. அதன் அடியிலிருந்து வலப்பக்கமாக 12 மில்லி கனத்தில் தரைப்பலகை நீள்கிறது. சுவரில் ஒரு புஷ் உட்கார, நாம் போர் என்று சொல்லும் பெரிய வட்ட ஓட்டை. பலகையில் போல்ட் போட இரண்டு ஓட்டை. ஃப்ரன்ட் வியூவுக்குக் கீழே நீளமான செவ்வகமாக ஒரு வியூ இருக்கிறது. அதில் இரண்டு ஓட்டையும் நடுவில் இல்லை, மேல் விளிம்பிலிருந்து 15 மில்லியில் இருக்கின்றன. பலகையின் அகலம் 60. கேள்வி இதுதான்: கீழே இருக்கும் வியூ மேலிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததா?

மேலிருந்து பார்த்ததென்றால் அந்தச் செவ்வகத்தின் மேல் விளிம்பு ஜாப்பின் பின்பக்கம், ஓட்டைகள் பின்னால் இருக்கும். அடியிலிருந்து பார்த்ததென்றால் அதே மேல் விளிம்பு ஜாப்பின் முன்பக்கம், ஓட்டைகள் முன்னால் வந்துவிடும். நாற்பது பிராக்கெட் எனக்குப் போனது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்தச் செவ்வகத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஓரத்திலிருந்து 12 மில்லியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது. அது சுவரின் உள்முகம். மேலே நின்று எட்டிப் பார்த்தால் சுவர் முடிந்து பலகை தொடங்கும் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும், அதனால் முழுக்கோடாக வரைவார்கள். அடியிலிருந்து பார்த்தால் வெறும் தட்டையான பலகைதான் தெரியும். சுவரின் உள்முகம் மறைந்திருப்பதால் விட்டுவிட்டு வரும் கோடாக, நாம் டாட்டட் லைன் என்று சொல்வதாக, வரைய வேண்டும். படத்தில் அது முழுக்கோடு. ஆக மேலிருந்து பார்த்தது. டாப் வியூ கீழே வந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆங்கிள்.

ஒரு சாட்சி போதாது. வலப்பக்கத்தில் இன்னொரு வியூ இருந்தது. 60 அகலம், 75 உயரத்தில் ஒரு செவ்வகம், அதற்குள் போரின் வட்டம். அதில் அடியிலிருந்து 12 மில்லி உயரத்தில் படுக்கையாக ஒரு கோடு. வலப்பக்கமிருந்து பார்த்தால் பலகையின் முனை நேராக முன்னால் நிற்கும், அதன் மேல் விளிம்பு முழுக்கோடாக இருக்கும். இடப்பக்கமிருந்து பார்த்தால் சுவரின் வெளிமுகம் முழுசாக மறைத்துவிடும், பலகை அதன் பின்னால் போய்விடும், கோடு டாட்டட் ஆகும். படத்தில் டாட்டட். இடது தோற்றம் வலப்பக்கத்தில் இருக்கிறது. மறுபடியும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனதும் உருவத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது. இவை ஒத்துப்போகாமல் இருந்தால் டிராயிங்கை வரைந்தவர் எங்கோ தவறியிருக்கிறார், அதற்கு மேல் படிக்காமல் திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

புதிதாகக் கற்பவர்கள் இந்தக் கட்டத்தில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு சோப்புக் கட்டியையோ தெர்மாகோலையோ எல் வடிவத்தில் வெட்டி, ஓட்டை வரும் இடத்தில் குண்டூசி குத்தி, ஒவ்வொரு வியூவின் திசையிலும் வைத்துப் பாருங்கள். கண் பழகும் வரை இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அடுத்து அளவுகள். இங்கே முதல் கட்டளை: டிராயிங்கின் மேல் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். காகிதம் பிரின்டாகும்போது சுருங்கும், வாட்ஸ்அப் படம் இன்னும் மோசம். எழுதியிருக்கும் எண்தான் அளவு. அந்த எண்களைச் சரிபார்ப்பதென்றால் ஒன்றோடொன்று பேச வைப்பது.

ஃப்ரன்ட் வியூவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சங்கிலி போல அளவுகள் கொடுத்திருந்தார்கள். சுவர் கனம் 12, சுவரின் உள்முகத்திலிருந்து முதல் ஓட்டை 30, ஓட்டைக்கு ஓட்டை 50, இரண்டாவது ஓட்டையிலிருந்து வலது ஓரம் 20. அதற்குக் கீழே ஒரே நீட்டாக மொத்த நீளம் 110. கூட்டிப் பார்த்தேன். 12, 42, 92, 112. இரண்டு மில்லி உதைக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். மொத்தம்தான் முக்கியம், கடைசி 20-ஐ 18 ஆக்கிவிடலாம் என்று ஒரு மனம் சொல்லும். ஓட்டை இடம்தான் முக்கியம், 112 வெட்டிவிடலாம் என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டுமே ஊகம். ஊகிப்பதற்கு முன்னால் தாளில் வேறு தடயம் இருக்கிறதா என்று தேட வேண்டும். வலது மேல் மூலையில் ரிவிஷன் கட்டம் தப்பித்திருந்தது. அதில் இரண்டாவது வரியில், ஓட்டைகளின் பிச்சு 48-லிருந்து 50 ஆக மாற்றப்பட்டது என்று இருந்தது. 12, 30, 48, 20 கூட்டினால் 110. பழைய டிராயிங் சரியாக இருந்திருக்கிறது. பிச்சை மாற்றியவர் மொத்தத்தை மாற்ற மறந்துவிட்டார், அல்லது மொத்தம் 110 ஆகவே இருக்க வேண்டும், கடைசி 20-ஐ 18 ஆக்க மறந்துவிட்டார். தப்பு எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. எந்த எண் மாற வேண்டும் என்பது மட்டும் தாளில் இல்லை. அது அந்த பிராக்கெட் எங்கே போய் உட்காரப் போகிறது என்பதைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இந்த வகைத் தப்பு வரவே முடியாதபடி வரைய ஒரு வழி உண்டு. சங்கிலி முழுவதையும் கொடுத்தால் மொத்தத்தை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், அல்லது மொத்தத்தைக் கொடுத்தால் சங்கிலியில் ஒரு கண்ணியை விட்டுவிட வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவு தகவலுக்கு மட்டும், அதை வைத்து ஜாப்பைத் தள்ளவோ ஏற்கவோ கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் டாலரன்ஸ். தாளின் அடியில் ISO 2768-m என்று எழுதியிருந்தது. டாலரன்ஸ் தனியாகக் குறிக்காத அளவுகளுக்கெல்லாம் இந்தப் பொதுப் பட்டியல் பொருந்தும் என்று அர்த்தம். அதன்படி 6-க்கு மேல் 30 வரை உள்ள அளவுகளுக்கு கூட்டல் கழித்தல் 0.2, அதற்கு மேல் 120 வரை 0.3. நம் சங்கிலியில் 12, 30, 20 மூன்றுக்கும் 0.2, 50-க்கு 0.3. நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் 0.9 மில்லி வரை போகலாம், ஒவ்வொரு அளவும் சரி என்றே ரிப்போர்ட் வரும். ஆனால் மொத்த நீளத்துக்கு அனுமதி வெறும் 0.3. கூட்டல் சரியாகவே இருந்தால்கூட இரண்டையும் ஒரே சமயத்தில் கட்டாயமாக்கினால் ஜாப் செய்பவனும் இன்ஸ்பெக்ஷன் செய்பவனும் சண்டை போட வேண்டியதுதான்.

கூட்டிப் பார்த்த பிறகு, விட்டுப்போன அளவைத் தேட வேண்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் விரல் வைத்து மூன்று கேள்வி கேட்பேன்: எவ்வளவு பெரிது, இந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், அந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம். பலகை ஓட்டைகளுக்கு மூன்றும் இருந்தன. சுவரில் உள்ள போருக்கு அடியிலிருந்து 42 என்று உயரம் இருந்தது, குறுக்கே எங்கே என்று இல்லை. சென்டர் லைன் நடுவில் போவது போலத் தெரிகிறது, 60-இல் பாதி 30 என்று எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். ஆனாலும் பலகை ஓட்டைகளே நடுவில் இல்லாத ஜாப்பில் போர் நடுவில்தான் என்று நானாக முடிவு செய்ய விரும்பவில்லை. கேள்விப் பட்டியலில் சேர்த்தேன்.

குறிகளுக்கு வந்தால், புதியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். குறி கண்ணைப் பறிக்கும், பட்டியலில் தேடினால் அர்த்தம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு குறி எப்போதும் ஒரு முகத்தையோ ஒரு ஓட்டையையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகம் எது என்று வியூ சொல்லாதவரை குறியின் அர்த்தம் தெரிந்தும் பயனில்லை. இந்தத் தாளில் மூன்று குறிகளை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

பலகை ஓட்டைகளுக்கு இப்படி எழுதியிருந்தது:

```
2× Ø6.6 ⌴ Ø11 ↧ 6.8
```

இரண்டு ஓட்டை, 6.6 விட்டம், அப்படியே மறுபக்கம் வரை. அடைப்பு திறந்த பெட்டி போன்ற ⌴ கவுன்டர்போர், அதாவது ஓட்டையின் வாயை 11 விட்டத்துக்கு அகலப்படுத்தித் தட்டையான அடி வைப்பது. கோட்டிலிருந்து கீழே இறங்கும் அம்பு ↧ ஆழம். பழைய டிராயிங்குகளில் இதையெல்லாம் எழுத்தாகவே எழுதிவிடுவார்கள். M6 ஆலன் போல்ட்டின் தலை விட்டம் 10, உயரம் 6. 11 விட்டத்தில் தாராளமாக இறங்கும், 6.8 ஆழத்தில் 0.8 மில்லி உள்ளே அமுங்கி உட்காரும். இப்படி, உள்ளே என்ன வந்து உட்காரப் போகிறது என்று யோசித்தால் குறி மறக்காது.

வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் 6.8-இன் புள்ளி மங்கி, முதல் பார்வையில் 68 என்றுதான் தெரிந்தது. பலகையே 12 மில்லி கனம் என்பதால் 68 ஆழம் இருக்கவே முடியாது. வியூவையும் அளவையும் முன்னால் முடித்து வைத்ததால் வந்த பலன் இது. எல்லா இடத்திலும் இப்படிக் காப்பாற்ற ஆள் இருக்காது, 3-உம் 8-உம் குழம்பினால் இரண்டுமே நடக்கக்கூடிய அளவாக இருந்துவிடலாம். டிராயிங்கை போட்டோவாக அனுப்பாமல் பி.டி.எஃப் ஆக, டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

போருக்கு Ø35 H7 என்று இருந்தது. இதில் H பெரிய எழுத்து, ஆகவே ஓட்டை. 35-க்குக் குறையவே கூடாது என்பது அந்த எழுத்தின் அர்த்தம். 7 என்பது எவ்வளவு கண்டிப்பு என்ற படி. 35 மில்லி அளவில் அந்தப் படிக்கு 25 மைக்ரான் கிடைக்கும். ஆக 35.000-இலிருந்து 35.025 வரை. சின்ன எழுத்தில் h7 என்று இருந்தால் அது தண்டுக்கு, 34.975-இலிருந்து 35.000 வரை. ஒரு எழுத்தின் பெரிசு சிறிசில் ஓட்டை தண்டாகிவிடும், அனுமதி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இந்த 25 மைக்ரான் ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட இராது. 0.02 லீஸ்ட் கவுன்ட் உள்ள வெர்னியரால் இதைத் தீர்ப்பு சொல்ல முடியாது. போர் கேஜ் வேண்டும், அல்லது கோ, நோ-கோ பிளக் கேஜ் வேண்டும். விலை சொல்வதற்கு முன்பே இது தெரிய வேண்டும், ஏனென்றால் டிரில் போட்டு முடிகிற ஓட்டை இல்லை இது, போரிங் செய்தோ ரீமர் போட்டோ முடிக்க வேண்டியது.

மூன்றாவது, போரின் அளவுக்குக் கீழே நீளமான ஒரு பெட்டி. மூன்று அறை. முதல் அறையில் சாய்ந்த இரண்டு கோடு, இரண்டாவதில் 0.02, மூன்றாவதில் A. பலகையின் அடிமுகத்தில் ஒரு கறுப்பு முக்கோணமும் அதற்கு A என்ற பெட்டியும் இருந்தன. படிப்பது இப்படி: போரின் அச்சு, A என்ற அடிமுகத்துக்கு இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 0.02-க்குள். போர் மிகச் சரியாக 35.010 இருந்து, உயரமும் சரியாக 42 இருந்து, ஆனால் லேசாக மூக்கைத் தூக்கிக்கொண்டு துளைக்கப்பட்டிருந்தால் புஷ்ஷில் ஓடும் தண்டு கடித்துக்கொள்ளும். அதைத்தான் இந்தப் பெட்டி தடுக்கிறது.

சரிபார்க்கும் விதமும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. A என்று சொன்ன முகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் உட்கார வைக்க வேண்டும், வேறு முகத்தை அல்ல. போரில் ஆட்டமில்லாமல் பொருந்தும் ஒரு மாண்ட்ரலைச் செருகி, அதன் மேல் இரண்டு இடத்தில் டயல் கேஜ் வைத்து வித்தியாசம் பார்க்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் ஒரு கணக்கு உண்டு. சுவரின் கனம் 12 மில்லிதான், 0.02 அந்த 12 மில்லி நீளத்துக்கு. டயலை 60 மில்லி தள்ளி இரண்டு இடத்தில் வைத்தால் சாய்வு ஐந்து மடங்காகத் தெரியும். அப்போது 0.10 வரை காட்டினாலும் ஜாப் நல்லதுதான். இதை யோசிக்காமல் 0.06 காட்டியது என்று நல்ல பிராக்கெட்டைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுவரின் தலையில் M5 டேப் ஒன்று இருந்தது, புஷ்ஷை இறுக்கும் குரப் ஸ்க்ரூவுக்கு. 4.2 டிரில் போட்டு டேப் அடிக்க வேண்டியது, அதில் சிக்கல் எதுவும் இல்லை.

இவ்வளவும் எனக்குள் படித்தது. தம்பிக்கு இத்தனையையும் எழுதினால் காலையில் வேலைக்கு நடுவே அவன் படிக்கவே மாட்டான். வியூ தெளிவாக இருந்தது, குறிகள் ஒன்றுக்கொன்று முரணில்லை, குறை இருந்தது அளவில்தான். ஆகவே அதை முன்னால் வைத்து எழுதினேன்:

“தம்பி, மெட்டீரியல் வெட்டிடாதே. நீளவாக்கில் கூட்டினால் 112 வருது, மொத்தம் 110-ன்னு போட்டிருக்கு. ரிவிஷன்ல பிச்சை 48-லிருந்து 50 ஆக்கியிருக்காங்க, மொத்தம் மாறணுமா, கடைசி 20 மாறணுமான்னு பார்ட்டிகிட்ட கேளு. போர் குறுக்கே 30-லதானான்னும் கேட்டுக்கோ. டாப் வியூ கீழே இருக்கு, ஃபர்ஸ்ட் ஆங்கிள்னு கோடு சொல்லுது, ஓட்டை ரெண்டும் பின்பக்கம் வரும். டைட்டில் பிளாக்கோட முழு பி.டி.எஃப் வாங்கிடு. நீ கேட்க வந்தது இதுல எது?”

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. “அது கெடக்குதுங்ணா, அந்தப் பொட்டி மாதிரி ஒரு குறி போட்டிருக்காங்களே, அது என்னன்னு கேக்கலாம்னுதான் அனுப்புனேன். கீழ அம்பு வேற. ஆமா, ரெண்டு மில்லி உதைக்குதுங்களா? நான் 110-க்கு பட்டை வெட்டச் சொல்லிட்டனுங்களே.”

கவுன்டர்போரை விளக்கினேன். வெட்டச் சொன்ன ஆளுக்கு உடனே போன் போட்டு நிறுத்தினான்.

மறுநாள் மதியம் புது டிராயிங் வந்தது, இந்த முறை பி.டி.எஃப். ரிவிஷன் கட்டத்தில் மூன்றாவது வரி சேர்ந்திருந்தது. கடைசி 20 அப்படியே இருந்தது. மொத்த நீளம் அடைப்புக்குறிக்குள் (112). போரின் சென்டருக்கு 30 என்று தனி அளவு. வலது கீழ் மூலையில் கூம்பும் வட்டங்களும் முழுசாகத் தெரிந்தன. வட்டங்கள் அகலமான பக்கத்தை ஒட்டியே இருந்தன.